டிசம்பரின் பதினொரு பேர்

எண்பத்தொன்று என்ற எண்ணைப் பெற்றெடுத்தவன் நான். ஒன்பது மாதம் சுமந்து பெற்றேன் என்றுகூடச் சொல்லலாம், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. பெற்ற அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் தரக்கட்டுப்பாட்டு அலுவலகம் என்று ஓர் அறை இருக்கிறது. பிணவறைக்குப் போகும் வழியில், கேன்டீனுக்குப் பின்புறம். அதில் நானும் ஒரு கம்ப்யூட்டரும், மழைக்காலத்தில் ஒரு வாளியும். ஒவ்வொரு வார்டிலும் எத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள், எத்தனை பேருக்கு மருந்து மாறிப்போனது, எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது என்று மாதாமாதம் எடுத்துவைப்பது என் வேலை. நல்லது எதையும் நான் எண்ணுவதில்லை. அதனால் நான் வார்டுக்குள் நுழைந்தால் நர்ஸுகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பதினான்கு வருஷமாகப் பழகிப்போன விஷயம்.

வருஷக் கணக்கு ஏப்ரலில் தொடங்கும். சென்ற ஏப்ரலில்தான் புதிய கட்டடம் திறந்தார்கள். அதில் இரண்டே வார்டு. ஒன்று கண் வார்டு. மற்றது ஐந்தாம் வார்டு, பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கானது, முப்பத்திரண்டு கட்டில். புதிய கட்டடத்துக்குப் புதிய சாஃப்ட்வேர் வேண்டும் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. பழைய வார்டுகளுக்குப் பழைய சாஃப்ட்வேர், புதியதற்குப் புதியது. இரண்டிலிருந்தும் மாதம் ஒரு கோப்பு இறக்கி, எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே அட்டவணை ஆக்க வேண்டியது யார்? கேன்டீனுக்குப் பின்னால் இருப்பவன்தான்.

கையால் ஒட்டி ஒட்டிக் கண் பூத்துப்போய், டிசம்பரில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கோப்புகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டால் எக்செல் தானாகவே எடுத்து அடுக்கிக்கொள்ளும். கோப்பின் பெயரில் 'ஜூன்' என்றிருந்தால் மாதம் என்ற கட்டத்தில் ஜூன் என்று எழுதிக்கொள்ளும். புதிய சாஃப்ட்வேரின் கோப்புகளில் மட்டும் ஒரு தொல்லை. தலையில் நான்கு வரி இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர், விலாசம், போன் நம்பர், அப்புறம் பொடி எழுத்தில் ஏதோ தேதிகள். அடுக்கும்போது அவை குறுக்கே வந்து நின்றன. மேலே உள்ள நான்கு வரியை நீக்கு என்று ஒரு கட்டளை கொடுத்தேன். எல்லாக் கோப்பிலும் நீங்கிவிட்டது. அட்டவணை வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. கேன்டீனில் பால் விடாத ஒரு கட்டன் சாயாவும் இரண்டு பரிப்புவடையும் வாங்கி நானே எனக்கு விருந்து வைத்துக்கொண்டேன்.

ஜனவரி ஆறாம் தேதி மாதாந்திரக் கூட்டம். புதிய வார்டுகளின் கணக்கு கூட்டத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. மெடிக்கல் சூப்பிரண்டு டாக்டர் ஈப்பன், நர்சிங் சூப்பிரண்டு பிலோமினாம்மா, வார்டுப் பொறுப்பு நர்ஸுகள் எல்லாரும் இருந்தார்கள். திரையில் என் அட்டவணை. படுக்கைப்புண், ஒன்பது மாதம். இரண்டாம் வார்டு பதினான்கு. மூன்றாம் வார்டு பதினாறு. கண் வார்டு பூஜ்யம். ஐந்தாம் வார்டு எண்பத்தொன்று.

டாக்டர் ஈப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாசாமாசம் எப்படிப் போகுது, அதைக் காட்டு சுகதா."

காட்டினேன். ஏப்ரலில் மூன்று, மே ஐந்து, ஜூன் எட்டு, ஜூலை பத்து, ஆகஸ்டில் பதினொன்று. அப்புறம் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் எல்லாமே பதினொன்று. படிக்கட்டு ஏறி மாடியில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

"ஆகஸ்ட்லேருந்து இறங்கவே இல்லையே," என்றார் டாக்டர். "ஆகஸ்ட்ல என்ன சிஸ்டர் நடந்தது?"

ஐந்தாம் வார்டின் பொறுப்பு நர்ஸ் ஏலிக்குட்டி எழுந்து நின்றார். ஐம்பத்து மூன்று வயது, கட்டை உருவம், நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. ஆகஸ்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நோயாளிக்குத் துணையாக வந்து தங்கும் மகளையும் மனைவியையும் மருமகனையும் கூப்பிட்டு, படுத்திருப்பவரை எப்படி உருட்டாமல், இழுக்காமல், தூக்கித் திருப்பி வைப்பது என்று கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு காகிதக் கடிகாரம் தொங்கவிட்டார். இத்தனை மணிக்கு இடப்பக்கம், இத்தனை மணிக்கு மல்லாக்க, இத்தனை மணிக்கு வலப்பக்கம். மூன்று நர்ஸ் முப்பத்திரண்டு பேரை இரண்டு மணிக்கொருதரம் திருப்ப முடியாது என்பதுதான் காரணம்.

"சொந்தக்காரங்களை விட்டுத் திருப்ப ஆரம்பிச்சது ஆகஸ்ட்ல, டாக்டர்," என்றார்.

"அதுதான். தெரியாதவங்க துணியைப் பிடிச்சு இழுப்பாங்க, தோல் உராயும். நல்ல எண்ணம்தான் சிஸ்டரே, ஆனா கணக்கு சொல்லுதே."

"என் கண்ணுல இத்தனை படல, டாக்டர். லேசாச் சிவக்கறதைக்கூட யாராவது ராத்திரி ட்யூட்டியில பதிஞ்சிருக்கலாம். எனக்குச் சொல்லாம விட்டிருக்கலாம்."

"சொல்லாம விட்டிருந்தா அதுவும் உங்க பொறுப்புத்தானே," என்றார் பிலோமினாம்மா. கத்தவில்லை. அவர் கத்தவே மாட்டார், அதுதான் பயம்.

ஏலிக்குட்டி சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கும் ரோஷம் வந்திருக்கும், கோப்பைத் திறந்து காட்டுகிறேன் பார் என்று திறந்திருப்பேன். அவர் நம்பிவிட்டார். தன் இரண்டு கண்ணைவிட என் அட்டவணையை நம்பினார். அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு முடிவு எடுத்தார்கள். நாளையிலிருந்து சொந்தக்காரர்கள் நோயாளியைத் திருப்பக் கூடாது, நர்ஸுகள் மட்டும். பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து ஏலிக்குட்டி சிஸ்டர் வார்டை விட்டு, கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவுக்குப் போக வேண்டும். முப்பது வருஷம் நோயாளிகளோடு இருந்தவர், இனி கத்திரிக்கோலோடு.

கூட்டம் முடிந்து போகையில் டாக்டர் என் தோளைத் தட்டினார். "நல்ல வேலை செஞ்சிருக்கே."

நானும் சிரித்தேன்.

அடுத்த இரண்டு வாரம் ஐந்தாம் வார்டில் நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. சிஸ்டர் தன் நர்ஸுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எதை மறைத்தீர்கள் என்று கேட்டாராம். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். காகிதக் கடிகாரங்களைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். விடுமுறை நாளிலும் வந்து டார்ச் அடித்து ஒவ்வொரு முதுகாகப் பார்க்கிறார் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். "இனி என்னத்தப் பார்த்து?" என்று ஒருத்தி சொன்னதற்கு மேசையே சிரித்தது. என் மேசையும்தான்.

ஜனவரி இருபதாம் தேதி, மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பல் குத்திக்கொண்டிருந்தபோது ஏலிக்குட்டி சிஸ்டர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"சுகதன் சாரே, ஒரு உபகாரம் வேணும்."

சரி, மாற்றலை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். "முடிவெல்லாம் கமிட்டியோடது சிஸ்டரே. நான் வெறும் கணக்கு."

"அய்யோ, அதுக்கு வரல. டிசம்பர்ல புண் வந்த பதினொரு பேர் யார் யாருன்னு பேர் வேணும்."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போயிருப்பாங்கல்ல. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஒவ்வொரு வாரமும் ரெண்டு மூணு வீடு போய்ப் பாத்துட்டு, கட்டும் மாத்திட்டு வரலாம்னு இருக்கேன். பிப்ரவரிக்கு முன்னாடி முடிஞ்ச வரைக்கும் பாத்துடணும். எனக்கு யார் முகமும் ஞாபகம் வரல சாரே. பதினொரு பேரு! எப்படி ஞாபகம் வராமப் போகும்? எனக்கு மூளை மழுங்கிட்டுதா?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு மணி ஆகப் போகுது, ஆளைத் திருப்பணும். பேரை எழுதி இந்த நோட்டுல வையுங்க, அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேர்ப்பட்டியல் வேறொரு திரையில் இருக்கிறது, அதை நான் திறந்ததே இல்லை. எண்ணிக்கை எடுக்கும் திரையில் ஒரே ஒரு தேதிதான் கேட்கும். மாதத்தின் கடைசித் தேதியைப் போட்டால் கோப்பு வந்துவிடும், அவ்வளவுதான். இந்தத் திரை இரண்டு தேதி கேட்டது. டிசம்பர் ஒன்று, டிசம்பர் முப்பத்தொன்று என்று போட்டேன்.

பதிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது.

சாஃப்ட்வேர் விற்றவனின் குடும்பத்தையே இழுத்துத் திட்டினேன். மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை. நவம்பரைப் போட்டேன், இல்லை. அக்டோபர், இல்லை. சரி, உனக்கு ஒரு தேதிதானே பிடிக்கும் என்று முதல் தேதியை அழித்துவிட்டுக் கடைசித் தேதியை மட்டும் வைத்துத் தட்டினேன்.

பதினொரு பேர் வந்தார்கள்.

நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து முதல் பேரை எழுதினேன். குஞ்ஞேலி, வயது எழுபத்தெட்டு. பக்கத்தில் தேதியையும் எழுதலாமே என்று பார்த்தேன். ஏப்ரல் ஒன்பது.

பேனாவை வைத்துவிட்டேன். அடுத்த பேர் ஏப்ரல் பதினான்கு. அடுத்தது ஏப்ரல் முப்பது. அப்புறம் மே, மே, ஜூன், ஜூன், ஜூன், ஜூலை, ஜூலை. கடைசியாக ஆகஸ்ட் இருபத்திரண்டு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஃபோல்டரில் போய் டிசம்பர் கோப்பைத் திறந்தேன். அட்டவணையில் சேர்த்ததை அல்ல, இறக்கியபடி இருந்த அசல் கோப்பை. தலையில் அந்த நான்கு வரி இருந்தது. பெயர், விலாசம், போன் நம்பர். நான்காவது வரியைக் கிட்டப் போய்ப் படித்தேன். 'காலம்: ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 31 வரை.' நவம்பர் கோப்பில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை. மே கோப்பில் ஏப்ரல் 1 முதல் மே 31 வரை. அந்த ஒற்றைத் தேதி 'அதுவரை' என்று கேட்டிருக்கிறது. நான் 'அந்த மாதம்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோப்புக்கு மே என்று பேர் வைத்தவனும் நான்தான். உண்மையைச் சொன்ன ஒரே வரியை, குறுக்கே நிற்கிறது என்று எல்லாக் கோப்பிலும் வெட்டி எறிந்தவனும் நான்தான்.

பழைய சாஃப்ட்வேர் இரண்டு தேதி கேட்கும், அதனால் பழைய வார்டுகளின் கணக்கில் பிசகு இல்லை. கண் வார்டில் புண்ணே கிடையாது. பூஜ்யத்தை எத்தனை மாதம் சேர்த்தாலும் பூஜ்யம்தான், அதுவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஐந்தாம் வார்டு மட்டும் மாட்டிக்கொண்டது. ஏப்ரலில் வந்த குஞ்ஞேலியை ஏப்ரலில் ஒருமுறை, மேயில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை என்று ஒன்பது தடவை எண்ணியிருக்கிறேன்.

ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். இதற்கு எக்செல் வேண்டியதில்லை. ஏப்ரல் மூன்று அப்படியே. மே ஐந்தில் மூன்று போக இரண்டு. ஜூன் மூன்று. ஜூலை இரண்டு. ஆகஸ்ட் ஒன்று. செப்டம்பர், பதினொன்றில் பதினொன்று போக பூஜ்யம். அக்டோபர் பூஜ்யம். நவம்பர் பூஜ்யம். டிசம்பர் பூஜ்யம். மொத்தம் பதினொன்று. கண் வார்டை விட்டால் மற்ற மூன்று வார்டிலும் குறைவு இதுதான். நான்கு மாதம் ஒரு முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. படுத்துக்கிடப்பவர்கள் உள்ள வேறெந்த வார்டும் செய்யாத காரியம். அதைத்தான், இறங்கவே மாட்டேன் என்கிறது என்று திரையில் காட்டித் தோளில் தட்டு வாங்கிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டு, திருத்திய அட்டவணை என்று அடுத்த மாதம் நுழைத்துவிடலாம் என்ற யோசனை வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஒரு கட்டன் சாயா குடிக்கும் நேரம் கூடவே இருந்தது. அப்புறம் மேசையில் அந்த நாற்பது பக்க நோட்டைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு ஐந்தாம் வார்டுக்கு நடந்தேன்.

ஏலிக்குட்டி சிஸ்டர் பதினேழாவது கட்டிலில் இருந்தார். அவறாச்சன் என்ற ரப்பர் பால் வெட்டும் கிழவர், இடப்பக்கம் முழுக்கச் செயலிழந்தவர். சுவரோரம் ஸ்டூலில் அவருடைய மகள் ஷைனி, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் வழக்கம்போல வார்டில் பேச்சு நின்றது.

"பேர் கிடைச்சுதா சாரே?" என்றார் சிஸ்டர்.

"டிசம்பர்ல யாருக்கும் வரல சிஸ்டரே."

"விளையாடாதீங்க."

"யாருக்கும் வரல. தப்பு என் மேல. ஒவ்வொரு மாசக் கணக்குலயும் ஏப்ரல்லேருந்து வந்தது எல்லாமே சேந்திருக்கு. நான் அதை அந்த மாசத்துக் கணக்குன்னு எடுத்து, எல்லாத்தையும் மறுபடி கூட்டிட்டேன். எண்பத்தொண்ணு இல்ல, பதினொண்ணு. ஒன்பது மாசத்துக்கும் சேர்த்துப் பதினொண்ணு."

கையிலிருந்த பஞ்சைத் தட்டில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நவம்பர்?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"அக்டோபர்?"

"ஒண்ணுமில்ல."

"செப்டம்பர்ல? அந்த மழையில மெத்தையெல்லாம் நனைஞ்சுதே, அப்பவுமா?"

"அப்பவும் இல்ல."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "அப்ப என் பொண்ணுங்க எதையும் மறைக்கல. நான் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேனே, சாரே."

நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவறாச்சனின் போர்வையை மெல்ல விலக்கினார். இடுப்பெலும்புக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இது சனிக்கிழமை வந்தது. ஆள் பத்தல. நாலு மணிக்குத் திருப்பவேண்டியவரை ஆறரைக்குத்தான் திருப்ப முடிஞ்சது, மூணு நாளா அப்படித்தான். பதிஞ்சு வெச்சிருக்கேன். இந்த மாசக் கணக்கு எடுத்தீங்கன்னா பன்னிரண்டுன்னு வரும்."

ஸ்டூலிலிருந்து ஷைனி கேட்டாள். "சிஸ்டர், அப்போ நான் திருப்பினதால எதுவும் ஆகலியா? நான் அப்பாவைத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே. டிசம்பர் பூரா நான்தானே திருப்பினேன். எங்கேயோ தப்பா இழுத்துட்டேன்போலன்னு, இந்த ரெண்டு வாரமும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். அவர் வலிக்குதுன்னு முனகினப்பவும் தொடல."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சாரே. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றதா நினைப்பா."

சொன்னேன். உன் கையில் ஒரு தப்பும் இல்லை, தப்பெல்லாம் என் கணக்கில்தான், நீ திருப்பிய மாதம் உன் அப்பா உடம்பில் ஒரு சிவப்பும் இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஷைனி எழுந்து வந்து, சிஸ்டர் கட்டுப் போட்டு முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையைத் தொடைக்கடியிலும் கொடுத்து, துணி சுருங்காமல், அப்பாவை வலப்பக்கம் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

அங்கிருந்து நேரே டாக்டர் ஈப்பன் அறைக்குப் போனேன். கோப்பின் தலையில் இருந்த அந்த நான்காவது வரியை அச்சடித்து எடுத்துப்போயிருந்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"ஒன்பது மாசத்துல ஒரு தடவைகூடக் குறையல. அப்பவே நமக்குத் தோணியிருக்கணும் சுகதா. காய்ச்சல்கூட ஏறி இறங்கும்."

"நமக்கு" என்றாரே, அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி. ஆனாலும் மறுநாள் அவசரமாகக் கூட்டிய கூட்டத்தில் எல்லார் முன்னிலும் நானே எழுந்து சொன்னேன். பிலோமினாம்மா கத்தாமல் இரண்டு வாக்கியம் பேசினார், நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றல் உத்தரவு கிழிக்கப்பட்டது. காகிதக் கடிகாரங்கள் கட்டிலுக்குத் திரும்பின. இரண்டாம் வார்டிலும் மூன்றாம் வார்டிலும் ஏலிக்குட்டி சிஸ்டர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தான் திட்டிய நர்ஸுகளிடம் இதே கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிக் கோப்பை பிப்ரவரி முதல் நாள் இறக்கினேன். இப்போது தலையில் இருக்கும் நான்கு வரியை நான் வெட்டுவதில்லை. காலம் என்ற வரியைத் தனிக் கட்டமாகவே அட்டவணையில் ஏற்றிவிட்டேன், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நிற்கும். முந்தின மாதத்தைக் கழித்தால் வருவது அடுத்த கட்டத்தில்.

சிஸ்டர் சொன்னபடியே பன்னிரண்டு வந்தது. பன்னிரண்டில் பதினொன்று போக ஒன்று. வார்டு என்ற கட்டத்தில் ஐந்து என்று இருந்தது. காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பொதுவாக அதை வார்டுக்காரர்கள்தான் நிரப்புவார்கள். அன்றைக்கு நான் நிரப்பினேன். 'தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தவறான கணக்கு' என்று எழுதி, கீழே என் பேரைப் போட்டேன்.